எண் ஏழு, விண்கல்

கல் சேர்க்கும் பைத்தியம் பிடித்த புதிதில், எர்ணாவூரில் தண்டவாளத்து ஓரம் கன்னங்கரேலென்று ஒரு கல் எனக்குக் கிடைத்தது. நல்ல கனம். காந்தம் ஒட்டியது. விண்கல்லேதான்!

தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று படித்திருந்தேன். அதனால் கையுறை மாட்டிக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் உலர்வாகவே தேய்த்தேன். ஒரு மூலையில் வெள்ளை பெயின்ட் பொட்டு வைத்து, காய்ந்ததும் அதன்மேல் ‘7’ என்று எழுதினேன். அட்டையில், ‘எண் 7. விண்கல். கிடைத்த இடம்: எர்ணாவூர்.’ மனைவியைக்கூடத் தொட விடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் உலை பார்ப்பவர். வந்தவர் வெறுங்கையால் அதைத் தூக்கினார். நான் கத்தியதை அவர் காதில் வாங்கவே இல்லை. கல்லிலிருந்த குமிழ் ஓட்டைகளை விரலால் தடவினார்.

“இன்னா மாமு, இது எங்க உலைக் கசடு. இரும்பு உருக்கச் சொல்ல மேல மெதக்குமே, அதான். நாங்கதான் டெய்லி அங்க கொட்டிகினு கீறோம்.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அட்டையில் பொய் இருக்கக் கூடாது என்பதால், பல்லைக் கடித்துக்கொண்டு ‘விண்கல்’லை அடித்து, ‘உலைக் கசடு’ என்று எழுதினேன்.

என் முகம் வாடியது அவருக்குப் பொறுக்கவில்லை போலும். மறுநாள் வேலை முடிந்து வந்தவர், என் வாசலில் ஒரு மூட்டை விண்கல்லை இறக்கிவிட்டுப் போனார்.