பதினொரு நாள் பால் வேண்டாம்

அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவளுடைய பால் கணக்குப் படங்கள் இன்னும் என் கைப்பேசியில் இருக்கின்றன. அழிக்க மனம் வரவில்லை. பார்க்கவும் தெம்பு இல்லை.

ரெம்பாவ் பக்கம், எண்ணெய்க்கான செம்பனை மரத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். நான் அம்பாங்கானில். காரில் அரை மணி நேரம்தான். அதைச் சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுகிறது.

தோட்டத்தில் மாடு வளர்க்கும் பால்கார அக்காதான் அம்மாவுக்குப் பால் ஊற்றுவார். காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் குரல் கொடுப்பார். தினமும் அரை லிட்டர் போத்தல் ஒன்று, வெள்ளிக்கிழமை இரண்டு. இரண்டாவது போத்தல் பாயசத்துக்கு. சாமிக்குப் படைத்துவிட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றுவாள். ஒரு போத்தலின் விலை நான்கு வெள்ளி. காசு கட்டுவது நான்.

அக்கா நோட்டில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டிருப்பார். தேதி, எத்தனை போத்தல், விலை. அவர் வராத நாளுக்குப் பெருக்கல் குறி. அம்மா வேண்டாம் என்ற நாளுக்கு 'வே'. இரண்டுக்கும் காசு கிடையாது. கடைசியில் பால் இல்லாத நாள் எத்தனை, மொத்தம் எவ்வளவு என்று எழுதி, மாத முடிவில் வாட்சப்பில் படம் அனுப்புவார்.

நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். ஐந்து காசு இடித்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அம்மாவின் பாலையும் விடுவேனா? வரி வரியாகக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் போடுவேன்.

முப்பத்தொரு நாள் மாதம் ஒன்றில் நூற்று நாற்பது வரவேண்டிய இடத்தில் நூற்றுப் பதினாறு வந்தது. முதல் வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு போத்தல். மற்ற வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுதான். கடைசி வாரத்தில் மூன்று 'வே'. கூட்டினேன், சரியாக இருந்தது, போட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் முப்பது நாள். பதினொரு 'வே', அதில் கடைசி ஆறு தொடர்ச்சியாக. மொத்தம் எண்பது என்று இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அலுவலகத்திலிருந்தே கூப்பிட்டேன்.

"அக்கா, முப்பதுல பதினொன்னு போனா பத்தொன்பது. நாலு பத்தொன்பது எழுபத்தாறுதானே? எண்பது போட்டிருக்கீங்க."

"ஐயோ, ஆமாலா, தப்புதான். எழுபத்தாறே போடும்மா. அது இல்லம்மா, அம்மா வந்து இப்பல்லாம்..."

"ஆபீஸ்ல இருக்கேன்க்கா. அடுத்த மாசம் பார்த்துப் போடுங்க."

வைத்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிச் சிரித்தது கூட நினைவிருக்கிறது. அந்தப் பதினொன்றை விரல் வைத்து இரண்டு தடவை எண்ணியவள் நான்தான். நான்கு வெள்ளியைப் பிடித்துவிட்டேன்.

தினமும் சாயங்காலம் அம்மாவிடம் பேசுவேன். "சாப்பிட்டியாம்மா?" என்பேன். "ஆச்சு" என்பாள். அந்த மாதங்களில் வருடக் கணக்கு முடிக்கும் வேலை. அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன்.

அதற்கடுத்த மாதம் ஆறாம் தேதி காலையில் அக்கா கூப்பிட்டார்.

"பால் காசுக்குக் கூப்பிடலம்மா. அம்மா உள்ளருந்து குரல் குடுக்குது, எந்திரிச்சு வந்து கதவத் தொறக்க முடியல. ஒடனே வா."

கதவை உடைத்துத்தான் உள்ளே போனோம். அம்மாவை நானும் அக்காவும் தூக்கினோம். அவ்வளவு லேசாக இருந்தாள். என் பிள்ளையைத் தூக்கக் கூட அதைவிடப் பலம் வேண்டும்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டரம்மா தமிழ்ப் பெண். "எப்பலருந்து சாப்பிட முடியலம்மா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ரெண்டு நாளாத்தான்" என்றாள் அம்மா. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இது ரெண்டு நாள்ல ஆனது இல்ல. சரியா எப்போன்னு தெரிஞ்சா நல்லது. கூட இருக்கறவங்க யாருக்காவது தெரியுமா?"

கூட யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் புரிந்தது. கைப்பேசியில் பால் கணக்குப் படங்களைத் திறந்தேன். எந்த வெள்ளிக்கிழமையிலிருந்து பாயசம் நின்றது, எந்தத் தேதியில் முதல் தடவை பால் வேண்டாம் என்றாள், எந்தத் தேதியிலிருந்து ஒரு வாய் கூட இறங்கவில்லை, எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் எழுதிக்கொண்டார். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நல்லா எழுதி வச்சிருக்காங்க" என்றார் டாக்டரம்மா. "இந்தக் கடைசிப் படம் உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

"போன மாசம் முப்பதாம் தேதி" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.