மூன்று எண்ணும்வரை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தது. ஞாயிற்றுக்கிழமை, கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொடுத்தேன், அவள் துடைத்தாள். பஞ்சு பழுப்பாக வந்தது.

"இவ்வளவு அழுக்கோடவா கேட்டிண்டிருந்தேன்?" என்றாள்.

நான் ஸ்பிரிட் பாட்டில் மூடியைத் திருகினேன். அவள் அரிசி களையப் போனாள். வியாழக்கிழமை இறந்துபோனாள். மூளையில் ரத்தக்கசிவு. வயது ஐம்பத்திரண்டு.

அவள் பெயர் அனந்தலக்ஷ்மி. கணேஷ் சந்திர அவென்யூவில் ஒரு கம்பெனியில் வேலை. அரிசி மில்களுக்கும் ஹவுரா பட்டறைகளுக்கும் பேரிங், வி-பெல்ட் மாதிரி இயந்திர உதிரிகள் விற்கும் கம்பெனி. டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள் விற்பனை மேனேஜரானாள். அவளுக்குக் கீழே ஒரு டெலிபோன் மேஜை. இரண்டு லைன், மூன்று பேர்: கோபு, தபதி, பிமல். வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு ஆர்டர் வாங்குவது அவர்கள் வேலை.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாம் ஒன்றாக வந்து மோதுகிறது. அதனால் போன வருஷத்து மூன்று மாதங்களை மட்டும் எழுதுகிறேன். 1984, ஜூலை முதல் அக்டோபர் தொடக்கத்து துர்கா பூஜை வரை.

அழைப்புகளைப் பதிவு செய்யும் யோசனை டைரக்டர் ஸ்ரீனிவாசராகவனுடையது. பதிவாகிறது என்று வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கடிதம் போனது. கருவியை மாட்டியது நான். ரிசீவரின் முதுகில் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொள்ளும் சின்னக் கம்பிச்சுருள், அதிலிருந்து ரெக்கார்டரின் மைக் துளைக்கு ஒரு ஒயர். லோட்ஷெட்டிங்கில் கரண்ட் போனாலும் ஓட பேட்டரி. சிக்கலான வேலை இல்லை.

சிக்கல் சனிக்கிழமைகளில் வந்தது. ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர்கள் உட்பட எட்டுப் பேரை உட்காரவைத்து டைரக்டர் டேப்பைப் போடுவார். நடுவில் நிறுத்துவார்.

"இது வியாபாரமா, பிச்சையா?"

எட்டுப் பேரும் சிரிக்க வேண்டும். பேசியவனும் சிரிக்க வேண்டும். பெரும்பாலும் அது கோபு. கரக்பூர் ரயில்வே காலனிப் பையன், இருபத்தாறு வயது. அப்பா ஃபிட்டராக இருந்து ஓய்வு பெறப்போகிறவர். ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் வீடு கோபுவின் சம்பளத்தில்தான் ஓடவேண்டும். ஜூலை முதல் சனிக்கிழமை டைரக்டர் எல்லார் முன்னிலும் சொன்னார்: "பூஜைக்குள்ள இவன் தேறலேன்னா அனுப்பிடுவேன்."

அடுத்த இரண்டு வாரம் டேப்புகள் அருமையாக இருந்தன. கோபு சிரித்தபடி வணக்கம் சொன்னான், தேவையைக் கேட்டான், நன்றி சொன்னான். ஆனால் ஆர்டர்கள் குறைந்தன. அம்மாவுக்குப் புரியவில்லை. ரெக்கார்டரில் ஏதோ இரைச்சல் வேறு என்று என்னைக் கூப்பிட்டாள். ஜாதவ்பூரில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த மகளை ரிப்பேருக்குக் கூப்பிடுவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இரைச்சலுக்குக் காரணம் டியூப்லைட் சோக். போனை இரண்டடி நகர்த்தினேன், போய்விட்டது. சரிபார்க்கப் பழைய டேப்பை ஓட்டினேன். ஹவுரா பட்டறையில் சாமான் வாங்கும் முகர்ஜி பாபு வங்காள மொழியில் சிரித்துக்கொண்டே கேட்கிறார்:

"என்ன கோபு, இது டேப்புக்கா? காலையிலேயே சொல்லிட்டேனே, ரெண்டு போதும்னு. சரி, நீ ஆரம்பி, நான் முதல்லேர்ந்து பதில் சொல்றேன்."

அம்மா மூன்று தடவை பின்னால் ஓட்டிக் கேட்டாள். பிறகு ரெக்கார்டரை அணைத்துவிட்டுக் கோபுவை மட்டும் கூப்பிட்டாள். நான் ஸ்க்ரூ டிரைவரோடு மூலையில் இருந்தேன். என்னைப் போகச் சொல்ல மறந்துவிட்டாள்.

"காலம்பற எங்கேர்ந்து பேசினே?"

"கீழ ஸ்டேஷனரி கடை போன்லேருந்து, மேடம்."

"எல்லாருமா?"

அவன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பேர் கேக்கலே. எல்லாருமான்னு கேட்டேன்."

"நெசமான பேச்ச அங்க பேசிடுவோம் மேடம். அப்புறம் மேல வந்து நல்லபடியா ஒரு தடவ. சனிக்கிழம எட்டுப் பேரு முன்னாடி உட்காந்து பாருங்க, தெரியும். கஸ்டமருங்களும் பாவம்னு ஒத்துக்கறாங்க."

"ரெண்டு தடவை ஒரே கேள்விக்குப் பதில் சொல்ற கஸ்டமர் மூணாவது தடவை போனையே எடுக்கமாட்டான். எடுக்கலே. பாரு, ஆர்டர் புக்கை."

"டைரக்டர்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"பதிவு பொய்யின்னு சொல்லத்தான் வேணும். யார்னு சொல்லணும்னு இல்லே."

அன்று சாயங்காலமே டைரக்டர் அறைக்குப் போனாள். அந்தப் பேச்சை வீட்டில் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள்.

"சார், இந்த டேப் ஒண்ணுமே நிஜமில்லே. ஒத்திகை பார்த்துட்டுப் பேசறா."

"யாரு?"

"யாருன்னா, நாமதான். சனிக்கிழமைக்குப் பயந்து பொய் பேச நாமதான் கத்துக்குடுத்தோம்."

"எனக்குப் பேர் வேணும், லக்ஷ்மி."

"பேர் தரமாட்டேன். பூஜை வரைக்கும் டைம் தாங்கோ. சனிக்கிழமை கூட்டம் வேண்டாம். டேப்பை நானும் பேசினவாளும் மட்டும் கேப்போம். ஆர்டர் ஏறலேன்னா மேஜையை மூடிடுங்கோ. கோபுவோட என்னையும் சேர்த்து அனுப்பிடுங்கோ."

"அந்தக் கரக்பூர் பையனுக்காகவா?"

"மூணு பேருக்காக. என்னையும் சேர்த்தா நாலு."

அவர் ஒப்புக்கொண்டார். தோற்றுப்போவாள் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டார் என்பது அம்மாவின் கணிப்பு.

முதல் திங்கட்கிழமை அவள் செய்தது எனக்கு இன்றும் வியப்பு. தானே ஒரு வாடிக்கையாளரைக் கூப்பிட்டாள், பதிவு செய்தாள், மூன்று பேரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள். "என்னை ஒரே ஒரு விஷயத்திலே திருத்துங்கோ" என்று கேட்டாள்.

கடைசியில், அம்மாவை வங்காள வழக்கப்படி 'தி' சேர்த்து அக்கா என்று அழைக்கும் தபதி சொன்னாள்: "அனந்தாதி, நீங்க மூச்சே விடறதில்லை. ஹவுரா மெயில் மாதிரி போறீங்க."

பிமல் சிரித்துவிட்டான். அம்மாவும் சிரித்தாள். அந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நிறுத்தினாள், வெள்ளிக்கிழமை தபதியிடமே டேப்பைக் கொடுத்துத் திருந்தியிருக்கிறதா என்று கேட்டாள். கீழ்க்கடை போன் அந்த வாரத்தோடு ஓய்ந்தது.

பிறகு ஒவ்வொருவராக, கதவைச் சாத்திக்கொண்டு, இருபது நிமிஷம். நிறுத்தும் பொத்தான் பேசியவர் கையில் இருக்கும், அவள் கையில் இல்லை. முதலில் அவர்களே சொல்ல வேண்டும், எங்கே நன்றாக இருந்தது, எங்கே இடறியது என்று. அவள் ஒரு விஷயத்தை மட்டும் எடுப்பாள். மற்றதெல்லாம் கேட்காதது போல விட்டுவிடுவாள். "ஏழு தப்பைச் சொன்னா ஏழும் வலிக்கும். ஒண்ணும் மாறாது" என்றாள் என்னிடம்.

கோபுவிடம் எடுத்தது இது. கேள்வி கேட்பான், பதிலையும் அவனே சொல்லிவிடுவான். "எத்தனை வேணும், ரெண்டு போதுமா?" ரெண்டு போதும் என்பார்கள். அவசரக்காரன் என்று அம்மா சொல்லவில்லை. என் ஸ்டாப்வாட்சை வாங்கிப் போயிருந்தாள்.

"கேள்விக்கும் உன் பதிலுக்கும் நடுவிலே எவ்வளவு நேரம்னு நீயே பாரு."

அவன் நாலு தடவை பார்த்தான். அரை விநாடிகூட இல்லை.

"அவங்க பேசாம இருந்தா வேணாம்னு சொல்லப்போறாங்களோன்னு பயமா இருக்கு, மேடம்."

"யோசிக்கறவாளும் பேசாமத்தான் இருப்பா. கேள்வி கேட்டதும் பேட்லே பென்சிலாலே மூணு கோடு போடு. நிதானமா. அதுக்கப்புறம் பேசு. இந்த வாரம் வேற ஒண்ணும் மாத்தாதே."

அம்மா சொல்லச் சொல்ல நான் குறித்த எண்கள் என் நோட்டில் இருக்கின்றன. முதல் வாரம் பதினைந்து கேள்விகளில் பதினொன்றுக்கு அவனே பதில் சொன்னான். அடுத்த வாரம் ஆறு. மூன்றாம் வாரம் ஒரு மில் முதலாளி கத்திவிட்டார், மறுபடி பதிமூன்று. கோபு டேப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, "இத போடாதீங்க மேடம். நானே வேலைய விட்டுடறேன்" என்றான்.

அவள் அதைப் போடவில்லை. முந்தின வாரத்து டேப்பை எடுத்து ஓர் அழைப்பைப் போட்டாள். அதில் அவன் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறான். பென்சில் உரசுவதுகூடக் கேட்கிறது. வாடிக்கையாளர் தானாகவே ஆறு பேரிங் கேட்கிறார்.

"இது யாரு?"

"நான்தான்."

"இவன் செஞ்சதையே செய். புதுசா ஒண்ணும் வேண்டாம்."

நான்காம் வாரம் நாலு. ஆறாம் வாரம் இரண்டு. எட்டாம் வாரத்தில் பென்சில் சத்தம் டேப்பிலிருந்து போய்விட்டது. மௌனம் மட்டும் இருந்தது.

பூஜைக்குச் சற்று முன் வரும் மஹாளய அமாவாசைக்கு முந்தின வாரம் கோபு மறுபடி முகர்ஜி பாபுவைக் கூப்பிட்டான். முடித்துவிட்டு டேப்பைக் கழற்றிக்கொண்டு அம்மாவிடம் வந்தான்.

"மேடம், இத டைரக்டருக்குப் போட்டுக் காட்டணும்."

"காட்ட வேண்டாம்னு நாமதானே ஏற்பாடு பண்ணினோம்."

"அது நீங்க காட்டக் கூடாதுன்னு. நான் காட்டலாம்ல?"

நான் அன்று ரெக்கார்டருக்குப் புதுக் கம்பிச்சுருள் மாற்றப் போயிருந்தேன், அதனால் நேரில் பார்த்தேன். கோபுவே ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனான். தபதியும் பிமலும் கூப்பிடாமலே பின்னால் வந்தார்கள். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆகட்டும்" என்றார்.

டேப் ஓடியது. கோபுவின் குரல்: "இந்தத் தடவ எத்தன வேணும், முகர்ஜி பாபு?"

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. லைன் கரகரப்பு. ஒரு விநாடி, இரண்டு, மூன்று. டைரக்டரால் தாங்க முடியவில்லை.

"ஏதாவது சொல்லேன்டா. போயிடுவான்."

கோபு தன் டைரக்டரைப் பார்த்துக் கையை உயர்த்தினான், பொறுங்கள் என்பதுபோல. டைரக்டர் வாயை மூடிக்கொண்டார். ஆறாவது விநாடியில் முகர்ஜி பாபு பேசினார்.

"நாலு... இரு இரு. ரெண்டாவது ஷெட்லயும் தேஞ்சு கிடக்கு. பன்னிரண்டு அனுப்பு. பெல்ட்டும் பத்து. இனிமே மாசா மாசம் அதே அளவு அனுப்பிடு, உன்னைத் தேடி நான் கூப்பிட முடியாது."

தபதிதான் முதலில் கை தட்டினாள். பிமல் சீட்டியடித்துவிட்டு, எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். டைரக்டர் டேப்பைத் தானே பின்னால் ஓட்டி அந்த ஆறு விநாடியை மறுபடி கேட்டார்.

"பேசாமயே வித்துட்டானே," என்றார்.

"பேசினான், சார். ஒரு கேள்வி," என்றாள் அம்மா.

பூஜை விடுமுறைக்கு முன் ஆர்டர் புக்கில் மேஜையின் எண்ணிக்கை ஜூலையைவிட ஒன்றரை மடங்கு. மேஜை மூடப்படவில்லை. கோபு இருக்கிறான், அம்மாவும் இருந்தாள். சனிக்கிழமைக் கூட்டம் திரும்பி வரவில்லை. டைரக்டருக்கு டேப்பைப் போட்டுக் காட்டிய அன்று அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்று, "காமு, ஆறு செகண்ட்" என்று மட்டும் சொன்னாள். நான்தான் பக்கத்திலேயே இருந்தேனே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரியில் மேஜைக்கு இன்னும் இரண்டு பேரை எடுத்தார்கள். அவர்களுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுப்பது கோபு. ஐந்து பேருக்கு இரண்டு லைன் போதவில்லை.

அம்மாவின் கைப்பையை நேற்றுத்தான் திறந்தேன். மூன்றாவது டெலிபோன் லைனுக்கான விண்ணப்பம் இருந்தது. கம்பெனி முத்திரை, முகவரி, காரணம் எல்லாம் நிரப்பியிருக்கிறாள். இறந்ததற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, டெலிபோன் ஆபீஸுக்கு நேரில் போய்க் கொடுப்பதாக இருந்தாள். கையெழுத்துப் போடவில்லை.