பாலக்காட்டு முகவரிக்குப் போன பில்

கூத்தாநல்லூர் கடைத்தெருவில், மருதையன் நடத்தும் வரி ஆலோசனை அலுவலகத்தில் சஃபியா வேலைக்குச் சேர்ந்தபோது ஜி.எஸ்.டி. என்ற சொல்லே ஊருக்கு வந்திருக்கவில்லை. வந்த பிறகு அந்தத் தெருவில் அதை முதலில் கற்றுக்கொண்டவள் அவள்தான். ஜவுளிக்கடைக்காரர்களும் உரக்கடைக்காரர்களும் மருதையனைத் தாண்டி நேராக அவள் மேசைக்கு வருவார்கள். வீட்டிலும் அப்படித்தான். கணவர் ஜாஃபர் சாதிக் சிங்கப்பூரில் இருந்தார். வங்கியா, பத்திரமா, ஆதார் திருத்தமா, எதுவாக இருந்தாலும் மாமியார் மெஹராஜ் பேகம், "சஃபியாகிட்ட கேளுங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் சஃபியா நிம்மதியாகக் குடியிருந்தாள்.

கொழுந்தன் முபாரக் குவைத்தில் வேலை போய்த் திரும்பி வந்த வருடம் அது மாறத் தொடங்கியது. அவன் மனைவி ஷமா பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். அதிர்ந்து பேசாதவள். அவள் அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு கல்யாண மண்டபங்களைக் கழுவிவிடும் வேலையை எடுத்தாள். பிறகு ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருத்துவமனை. கடைசியில் மன்னார்குடிப் பக்கம் இருந்த பெரிய அரிசி ஆலையின் அலுவலகமும் விருந்தினர் விடுதியும் அவள் கைக்கு வந்தன. ஆலைக்காரர்கள் பதிவெண் இருந்தால்தான் வேலை என்றதும், ஷமாவுக்கு ஜி.எஸ்.டி. பதிவு எடுத்துக் கொடுத்ததே சஃபியாதான். ஷமாவுக்கு மின்னஞ்சல் கிடையாது என்பதால் தன் அலுவலகத்தின் மின்னஞ்சலையே கொடுத்திருந்தாள்.

அப்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஷமா மின்சார ஸ்கூட்டர் வாங்கினாள், அதுகூடப் பரவாயில்லை. ஆனால் ஒருநாள் தெருமுனை மளிகைக்கடையில் "ஷமா மேடம் வீட்டுக்கா?" என்று கேட்டுச் சில்லறை கொடுத்தார்கள். அன்று மாலை மாமியார் ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டி, "யாரு யாரு போறதுன்னு ஷமாகிட்ட கேட்டுக்க, அவளுக்குத்தான் நாள் ஒழியாது" என்றார். சஃபியா பத்திரிகையைப் பிரித்துப் பார்ப்பதுபோல முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். இத்தனை வருடமாக வேலைக்குப் போகிறவள் நான். எனக்கு நாள் ஒழிகிறதா என்று யாராவது கேட்டதுண்டா?

அதன்பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. ஷமா போனில் பேசும்போது குரலில் ஏறியிருந்த திடம். அந்தப் பெண்கள் வீட்டு வாசலில் நின்று "அக்கா" என்று அவளைக் கூப்பிடும் விதம். அவள் துப்பட்டாவில் ஒட்டியிருக்கும் உமிச்சாம்பல்கூட ஏதோ பதக்கம்போலத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான், ஒரு மாதத் தொடக்கத்தில், ஆலையின் கணக்குப் பிரிவிலிருந்து புகழேந்தி என்பவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். போன மாதம் ஷமா போட்ட பில், கம்பெனியின் பாலக்காட்டுத் தலைமை அலுவலகப் பெயரில் வந்திருக்கிறது. வேலை ஆணை கொடுத்தது மன்னார்குடி ஆலை. பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணும் முகவரியும் கேரளத்துக்குரியவை. அதனால் வரியும் வெளிமாநிலத்துக்குரிய ஐ.ஜி.எஸ்.டி. என்று விழுந்திருக்கிறது. ஆலையின் தமிழ்நாட்டு எண்ணையும் முகவரியையும் போட்டு, மத்திய அரசுக்கு சி.ஜி.எஸ்.டி., மாநில அரசுக்கு எஸ்.ஜி.எஸ்.டி. எனப் பிரித்து, புது பில் அனுப்பினால்தான் பணம் போட முடியும். பத்தாம் தேதிக்குள் வந்தால் இந்தச் சுற்றிலேயே சேர்த்துவிடலாம்.

சஃபியாவுக்குப் பிழை உடனே புரிந்தது. ஷமா கைப்பேசிச் செயலியில்தான் பில் போடுவாள். அதில் கம்பெனி பெயர் பாலக்காட்டுக்கு ஒன்று, மன்னார்குடிக்கு ஒன்று என்று இரண்டு தடவை இருக்கும். அவசரத்தில் மேலே இருந்ததைத் தொட்டிருப்பாள். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் கேரளத்தின் முப்பத்திரண்டா தமிழ்நாட்டின் முப்பத்துமூன்றா என்று பார்க்கத் தெரியாத மேடம்.

படித்ததும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியது. அது என்னவென்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. வீடு ஐந்து நிமிட நடை. போன் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் அந்த மடலை மூடிவிட்டு வேறொரு கடையின் கணக்கைத் திறந்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சமையலறையில் ஷமாவே கேட்டாள். "ராத்தா, மில்லுலேர்ந்து பணம் இன்னும் வரல. ஏதாச்சும் தகவல் வந்துச்சா?"

"பெரிய கம்பெனின்னா அப்படித்தான் இழுப்பாங்க" என்றாள் சஃபியா, வெங்காயத்தை நறுக்கியபடியே.

மறுநாள் காலை வாசலில் ஷமா தன் பெண்களிடம் கூலிக்குத் தவணை சொல்லிக்கொண்டிருந்தாள். சஃபியா செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களைக் கடந்து போனாள். ஷமாவின் குரலில் அந்தத் திடம் இல்லை. அதைக் கேட்கத்தான் இத்தனை நாள் ஆசைப்பட்டாள், கேட்டபோது இனித்தது. தெருமுனை திரும்புவதற்குள் அந்த இனிப்பு புளித்துவிட்டது.

அன்று மதியம் மருதையன், "ஒங்க வீட்டு ரிட்டர்னையும் போட்டு முடிச்சுருங்கம்மா, கடைசி நாள் வரைக்கும் வச்சுக்க வேணாம்" என்றார். சஃபியா ஷமாவின் மாதாந்திர வரிக்கணக்கைத் திறந்தாள். அந்தப் பாலக்காட்டு எண் திரையில் நின்றது. இப்படியே போட்டுவிட்டால் பிறகு பழைய பில்லைக் கழிக்க ஒரு கிரெடிட் நோட், அப்புறம் மறு பில் என்று இழுபடும். குற்றம் ஷமாவுடையதாகவே இருக்கும், யாரும் தன்னைக் கேட்க மாட்டார்கள். ஆனால் இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து, தப்பு என்று தெரிந்தே அவள் ஒரு ரிட்டர்னும் போட்டதில்லை. ஷமாமேல் இரக்கம் வந்தது என்று சொல்ல முடியாது. கை போகவில்லை, அவ்வளவுதான்.

போனை எடுத்தாள். "ஷமா, ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போறியா?"

ஷமா வந்து எதிரே உட்கார்ந்தாள். மற்ற வாடிக்கையாளர்களிடம் பேசுவதுபோலவே சஃபியா பேசினாள். "மில்லு பில்ல திருப்பி அனுப்பிட்டாங்க. ஜி.எஸ்.டி. நம்பரும் அட்ரஸும் பாலக்காட்டோடது. இன்னும் ரிட்டர்ன் போடாததால கிரெடிட் நோட்டெல்லாம் தேவையில்ல. அந்தப் பில்ல ரத்து பண்ணிட்டு, புது பில் நம்பர்ல, மன்னார்குடி விவரத்தோட ஒன்னு போட்டுக் குடுத்துரு."

"தெரியும் ராத்தா."

சஃபியா நிமிர்ந்தாள்.

"நேத்து ஒங்ககிட்ட கேட்டதுக்கப்புறம் மில்லுக்குப் போயிருந்தேன். புகழேந்தி சார் சொன்னாரு. ஒங்க ஆபீசுக்கு அன்னைக்கே மெயில் போட்டாச்சேன்னாரு."

"தெரிஞ்சப்புறம் ஏன் என்கிட்ட வந்து கேக்கல?"

ஷமா மேசைமேல் கிடந்த ரப்பர் முத்திரையைத் திருப்பி வைத்தாள். "கேட்டா மறந்துட்டேன்னு சொல்லுவீங்க. நானும் நம்புன மாதிரி நடிக்கணும். ரெண்டு பேருக்கும் அது எதுக்குன்னுதான்."

சஃபியாவுக்குக் காது மடல் சுட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நாக்கு வரை வந்தது. ஆனால் இந்தப் பெண் இவ்வளவு அழகாகப் பேசக் கற்றுக்கொண்டாளே என்ற எரிச்சல் அதை முந்திக்கொண்டது. "செயலியத் திற" என்றாள்.

இருவரும் சேர்ந்தே போட்டார்கள். பழைய பில்லை ரத்து செய்தார்கள். ஷமா ஆலையின் எண்ணை வேலை ஆணையிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, சஃபியா சரிபார்த்தாள். முகவரி மாறியதும் வரி தானாகவே ஒன்பது ஒன்பது சதவீதமாகப் பிரிந்தது. ஆணை எண்ணையும் சேர்த்து, முந்தைய பில் ரத்தானது என்ற ஒரு வரியோடு புகழேந்திக்கு அனுப்பினார்கள். "கெடைச்சுது, இந்தச் சுத்துலயே போட்டுடுறோம்" என்று அவரிடமிருந்து அன்றே பதில் வந்தது. சொன்னபடியே பணமும் வந்தது. ஷமா தன் பெண்களுக்குக் கொடுத்து முடித்த மாலை, வீட்டுக்குப் பால்கோவா வாங்கி வந்தாள். சஃபியாவின் பங்கைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, முன்போலவே "ராத்தா, எடுத்துக்கங்க" என்றாள். வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருக்கலாம் என்று சஃபியாவுக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் ஷமா ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தாள். அவளுடைய புது மின்னஞ்சல் முகவரி. "இனிமே பில் விஷயமெல்லாம் நேரா எனக்கே வரட்டும் ராத்தா. ரிட்டர்ன் மட்டும் நீங்க பாத்துக்கங்க." சஃபியா பதிவில் அதை மாற்றிக் கொடுத்தாள்.

மறு மாதம் ஷமாவின் பில்கள் வந்தன. ஆலையின் எண், முகவரி, வரிப் பிரிவு, தேதி என்று சஃபியா ஒருமுறை பார்த்தாள். பிறகு மருதையன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், முதலிலிருந்து மறுபடியும், இன்னும் மெதுவாகப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. திருத்திக் கொடுக்க எதுவும் மிச்சமில்லாமல் ரிட்டர்னைப் போட்டுவிட்டு, அடுத்த கடையின் கணக்கைத் திறந்தாள்.