ஐம்பதாயிரம் எண்களுக்கு நடு

குழந்தைக்காக மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு, நாங்கள் அக்கா என்று கூப்பிட்டவர் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தார். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகம். ஆறு மேசை, ஒரே ஜன்னல். "இத்தனை நாள் கழிச்சு வந்து என்னத்தக் கிழிக்கப் போறாங்க" என்று நான் முணுமுணுத்தது இன்றும் உறுத்துகிறது.

இரண்டாவது வாரமே ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. நோயாளி எண்ணைத் தட்டினால் விவரம் வரத் தாமதமாகிறதாம். மேலாளர் எங்கள் இருவரையும் அனுப்பினார். அந்த நிரலை எழுதியவன் நான்.

வரவேற்பு மேசைப் பெண் சலித்துக்கொண்டாள். "பழைய நம்பர்னா டக்குன்னு வந்துடுது மேடம். புதுசா சேர்ந்தவங்கதான் நின்னுக்கிட்டே இருக்காங்க."

நான் ஒயரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவள் சொன்னதையே பிடித்துக்கொண்டார்.

"காலையில லிஸ்ட் எப்படி ஏறுது?"

"ஃபைல்ல இருக்கிற வரிசைப்படிதான் அக்கா. சின்ன நம்பர்லேர்ந்து ஒவ்வொண்ணா மரத்துல சேர்க்கிறேன்."

சொல்லும்போதே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எண்களைக் கிளை கிளையாகப் பிரித்து அடுக்கித் தேடும் முறைக்குத்தான் மரம் என்று பேர்; சிறியது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம் என்பது அதன் விதி. ஏறுவரிசையில் வந்தால் ஒவ்வொரு எண்ணும் முந்தையதன் வலப்பக்கமே தொங்கும். நான் மரம் என்று நினைத்தது ஒற்றைச் சங்கிலி. கடைசியாகச் சேர்ந்த நோயாளியைத் தேட ஐம்பதாயிரம் கண்ணிகளையும் கடக்க வேண்டியிருந்தது.

அக்கா ஒரு காகிதத்தில் பத்து, இருபது என்று எழுபது வரை ஏழு எண்களை எழுதினார். "நடுவுல இருக்கிற நாப்பத வேராக்கு, தேடல் அங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும். இடது பாதியில நடு இருபது, வலது பாதியில அறுபது. அதுங்களுக்குக் கீழ இருக்கிற துண்டுலயும் அதே கதைதான்."

"எதுவரைக்கும்?"

"துண்டு காலியாகிற வரைக்கும். அதை மறந்தா நிரல் நிக்காம தன்னையே கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்."

"பகல்ல புதுசா சேர்றவங்க?"

"வலது ஓரம் கொஞ்சம் நீளும். மறுநாள் காலையில திரும்ப நடுவுலேர்ந்து கட்டிக்கலாம்."

பதினைந்து வரிகூட இருக்காது. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இப்போது காலையில் ஏற்றிய எந்த எண்ணைத் தேடினாலும் பதினாறு ஒப்பீட்டுக்கு மேல் தேவையில்லை. அந்தப் பெண் பட்டியலின் கடைசி எண்ணைத் தட்டினாள், எங்களைப் பார்த்தாள், நம்பாமல் மறுபடி தட்டினாள்.

அலுவலகத்தில் மேலாளர் கேட்டார்: "என்ன கோளாறு?"

"லிஸ்ட் வரிசையா வந்ததுதான் சார் சிக்கல். சரி பண்ணிட்டோம்" என்றார் அக்கா. என் பேர் அடிபடவே இல்லை.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். "நான் எழுதினதுன்னு சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லி என்ன ஆகப்போகுது? இதே தப்ப நானும் பண்ணியிருக்கேன். அன்னிக்கு என்னைப் பத்துப் பேர் முன்னால நிக்க வெச்சாங்க."

ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான் என்று ஆறு வருடம் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தோம். எல்லாத் துண்டையும் பாதியாக்கியதால் அவருக்குப் பாதியக்கா என்று பேர் வைத்தோம். கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பார். பிறகு கணவரின் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டார். எனக்குக் கீழே இன்று இருபது பேர். யாருடைய நிரலிலாவது பிழை கண்டுபிடித்தால், மேலாளரிடம் பேரைச் சொல்லப் போவதற்குள் அக்காவின் அந்த ஜன்னலோர மேசை ஞாபகம் வந்துவிடுகிறது.