நைனா கடிகாரத்துக்கு நீலப் பெயிண்ட்

செத்துப்போன நைனாவின் சுவர்க்கடிகாரத்துக்கு விலை கேட்டு ஏலக் கம்பெனிக்கு எழுதினேன். "ரொம்பப் பழசு, தேக்குப் பெட்டி, மணி அடிக்கும், எவ்வளவு போகும்?" அவ்வளவுதான். பதிலுக்கு ஒரு பக்கம் கேள்வி! உயரம் எவ்வளவு, டயலில் கம்பெனிப் பெயர் உண்டா, பாகம் எதையாவது மாற்றியதுண்டா? முகப்பு, பின்புறம், உள்ளே இருக்கும் மிஷின், எல்லாவற்றுக்கும் போட்டோ வேண்டுமாம். எனக்குக் கடுப்பாகிவிட்டது.

"போட்டோன்னா பளிச்சுனு இருக்க வேணாவா? படகுக்கு அடிச்ச பெயிண்டு மீந்து கீதே" என்றாள் என் மனைவி. காசிமேட்டில் நாங்கள் எதையும் அப்படித்தான் புதுசாக்குவோம். கடிகாரப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் நைனாவின் பென்சில் கிறுக்கல் அசிங்கமாக இருந்தது. அங்கேயும் சேர்த்து இரண்டு கோட்டிங் நீலம் அடித்து, படம் எடுத்து அனுப்பினேன்.

பதில் வந்தது: "பழைய பாலிஷ் போனதால் மதிப்பு வெகுவாகக் குறையும். இனி எதையும் சுரண்டாதீர்கள். பெட்டிக்குள் குடும்பத்தார் ஏதாவது எழுதியிருந்தால் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். கடிகாரம் யாரிடம் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி."

எழுத்து இருந்தது. நாங்கள் மூன்று பிள்ளைகளும் பிறந்த நேரத்தை நைனா அங்கேதான் எழுதி வைத்திருந்தார்.

கடிகாரத்தை நான் விற்கவில்லை. இன்றைக்கும் அது மணி தவறாமல் அடிக்கிறது. நான் எத்தனை மணிக்குப் பிறந்தேன் என்று சொல்லத்தான் யாரும் இல்லை.