எருமைத்தலையும் உப்புத் தண்ணீரும்

ரங்கூனைவிட்டு எல்லோரும் கப்பலேறி வந்த சமயத்தில் என் மனைவியின் குடும்பமும் கடலூருக்கு வந்தது. மறு வருஷமே அவள் என்னிடம் மாட்டிக்கொண்டாள். சிதம்பரத்தில் குடித்தனம் வைத்தோம். நான் தினமும் கடலூர் ஆபீசுக்கு ரயிலில் போய்வந்தேன்.

மசக்கை வந்தது. சோறு, கஞ்சி, ரொட்டி எதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. மூக்கருகே ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஜன்னலோரப் பாயிலேயே கிடந்தாள். இரண்டு நாளில் ஏதாவது தங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடச் சொன்னார் டாக்டரம்மா. கண்ணாடியில் பார்த்தால் எனக்குத்தான் மசக்கை மாதிரி இருந்தது.

"கறுக்குனு எதாச்சும் கடிச்சா தங்கும்னு தோணுது" என்றாள். "எருமைத்தல. அப்புறம் தாமரைக்கிழங்கு."

எருமைத்தலையா! கசாப்புக் கடைக்கே கிளம்பிவிட்டேன். வாசல்வரை போனவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: அது குளத்துக் காயாம், இரண்டு கொம்போடு எருமையின் தலை மாதிரியே இருக்குமாம், ரங்கூனில் அப்படித்தான் பேராம். ரயிலில் கார்டாக இருந்த அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், மெட்ராஸில் சேட்டுமார் தெருவில் சிங்காரா என்று விற்பது அதுதான் என்று ஈரச்சாக்கில் கட்டிக்கொண்டுவந்தார்.

தாமரை என் பொறுப்பு. ஊருக்கு வெளியே பாதி வற்றிய குளத்தில் பூப்பறிப்பவர்களிடம் போய் ஒரு கட்டு தண்டோடு வெற்றிவீரனாகத் திரும்பினேன்.

"ஏங்க, இது பூக்காம்பு. வத்தல் போடலாம். நான் கேட்டது சேத்துக்குள்ள படுத்திருக்குமே, அது."

மறுபடி ஓடினேன். அவள் சொல்லியனுப்பிய லட்சணங்களை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன்: கனமா, விறைப்பா, ரெண்டு பக்கமும் கணு மூடியிருக்கணும். ஒடிந்ததை வாங்கினால் துளைகளுக்குள் சேறு புகுந்திருக்கும். அப்படியும் குண்டாக இருக்கிறதே என்று ஒடிந்த ஒன்றை எடுத்துவந்தேன். குண்டாக இருந்ததில் பாதி சேறு. அதை நெடுக்காகப் பிளந்து, ஈர்க்குச்சியில் துணி சுற்றிக் கிணற்றடியில் உட்கார்ந்து துளை துளையாகக் குடைந்தேன். சேற்று வாடை அவளுக்கு ஆகாதென்பதால் சமையல் முழுக்கக் கிணற்றடியில்தான். உத்தரவெல்லாம் ஜன்னல் வழியே வந்தன.

"தோலச் சுரண்டி, அரிய அரியப் புளிப்புத் தண்ணியில போடுங்க. இல்லாட்டி கறுத்துடும்."

"வீட்ல எலுமிச்ச இல்லியே, புள்ள."

ஜன்னல் வழியாக ஒரு பழம் என் மடியில் வந்து விழுந்தது. அவள் மூக்கருகே வைத்திருந்ததேதான்.

அதைப் பிழிந்தபோது எனக்குக் கண் எரிந்தது. சாறு பட்டிருக்கும்.

எருமைத்தலை விஷயத்தில் மட்டும் நான் அவளைக் கேட்கவில்லை. தண்ணீரில் கொட்டி மிதந்ததையெல்லாம் தள்ளினேன். அழுகல் மிதக்கும் என்று மச்சான் சொல்லியிருந்தார். கொம்பை வெட்டி, தோலைக் கீறி உரித்தால் உள்ளே வெள்ளைவெளேரென்று பருப்பு. சாக்கில் பாதியை ஒரே மூச்சில் உரித்தேன். எதுவும் கெடாமலிருக்க உப்புதானே போடுவார்கள், ஊறுகாய்க்கே அதுதானே என்று கை நிறைய அள்ளித் தண்ணீரில் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். அன்று முழுக்க என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். சத்தமே வரவில்லை. ரப்பர் மாதிரித் துவண்டிருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உப்புப் போட்டீங்களா?"

"ஒரு... சிட்டிக."

"உப்புதாங்க அதுல இருக்கற தண்ணிய உறிஞ்சிடும்."

மச்சான் கூடத்திலிருந்து கேட்டார். "மாப்ள, கருவாடு போட்டீங்களா, காய் உரிச்சீங்களா?"

விடிந்தால் டாக்டரம்மா சொன்ன கெடு. உரிக்காத பாதி ஈரச்சாக்கில் அப்படியே கெட்டியாக இருந்தது. விடியற்காலையில் எழுந்து, மண்சட்டியில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். வெறும் தண்ணீர்தான். ஒரு கை அளவுக்கு மட்டும் உரித்து அதில் போட்டேன். தண்ணீர் கலங்கியதும் மாற்றினேன். எலுமிச்சைத் தண்ணீரில் கிடந்த தாமரை வில்லைகளைக் கொதிநீரில் போட்ட சூட்டோடு எடுத்துப் பச்சைத் தண்ணீரில் முக்கினேன். இரண்டையும் ஒரு தட்டில் வைத்து ஜன்னலுக்குள் நீட்டிவிட்டு, முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கிணற்றடிக்கே போய்விட்டேன்.

கறுக்.

வாளிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். இன்னொரு கறுக். அடுத்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடும் சத்தம் வரவேண்டும். வரவில்லை.

மச்சான் எழுந்துவந்து தட்டில் கை வைத்திருக்கிறார். பளார் என்று ஓர் அடி விழுந்தது கேட்டது.

"கைய எடு, அண்ணே! அவுங்க எனக்கு உரிச்சது."

பிறகு ஜன்னலில் காலித் தட்டு நீண்டது. நான் அடுத்த காயின் கொம்பை வெட்ட ஆரம்பித்தேன்.