மூன்று கண்ணாடியில் ஒரு வாக்கியம்

எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டரை எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. யுத்த காலத்தில் தூத்துக்குடியில் அவருக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்தேன். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் சினிமாக் கொட்டகையில் காட்டுகிற சிலைடு எழுதும் வேலையையும் என் தலையிலேயே கட்டியிருந்தார். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் கறுப்பு மை பூசிக் காயவைத்து, ஊசி முனையால் எழுத்துகளைக் கீறவேண்டும். மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து ஓரத்தில் காகிதப் பட்டை ஒட்டினால் சிலைடு தயார். திரையில் எழுத்து மட்டும் வெள்ளையாக விழும்.

அந்த வருஷம் கடற்கரைத் தெருக்களில் வாந்திபேதி தலைகாட்டியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஊசி போடுவதாக ஏற்பாடு. அதற்கு முன் கொட்டகையில் சிலைடு காட்டவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் ஒரு தாளை என் மேஜையில் விட்டெறிந்தார். அதில் இருந்தது ஒரே வாக்கியம்: ‘வாந்திபேதி ஊசி போட்டுக்கொண்டால் கை வீங்கி ஒரு நாள் காய்ச்சல் வரும் என்றாலும் அதற்கு அஞ்சாமல் போட்டுக்கொள்கிறவர்களை அந்நோய் பெரும்பாலும் அண்டாது என்பதைப் பொதுமக்கள் அறிவார்களாக.’

“ஒரு கண்ணாடியில கொள்ளாது சார்” என்றேன்.

“கொள்ளலைன்னா மூணாப் பிரிச்சு எழுதும். இதுக்கும் நானா வரணும்?” என்று பென்சிலால் இரண்டு இடத்தில் கோடு இழுத்தார். வார்த்தையை எண்ணித்தான் இழுத்தார். ‘காய்ச்சல் வரும்’ என்பதோடு முதல் கண்ணாடி முடிந்தது. ‘என்றாலும்’ இரண்டாவதில் தொடங்கியது. நோய் அண்டாது என்ற சேதி மூன்றாவதற்குப் போய்விட்டது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்த உடனே, இது விபரீதமாகத்தான் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொட்டகை வழக்கம் எனக்கு அத்துப்படி. இடைவேளையில் காசு கொடுத்தவன் சிலைடுதான் முதலில் ஓடும். சர்க்காருடைய இலவசக் கண்ணாடிகளை ஆபரேட்டர் சந்து கிடைத்த இடத்தில் செருகுவார், எது முதல் எது பின் என்று பார்க்கமாட்டார். ஜனங்களும் மூன்றையும் உட்கார்ந்து பார்ப்பார்களா? ஒருவன் சோடாவுக்குப் போவான், ஒருவன் பீடிக்குப் போவான். ஒரு கண்ணாடியை மட்டும் பார்த்தவனுக்கு அந்த ஒன்றே முழுதாக விளங்கவேண்டும். இவ்வளவும் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. போன வாரம்தான் என் லீவு கடிதத்தை எல்லோர் முன்னாலும் கிழித்துப் போட்டிருந்தார். நன்றாகப் படட்டும், மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே, சொன்னபடி, அழகாக, மூன்றையும் கீறினேன்.

சனிக்கிழமை நானே கொட்டகைக்குப் போய்ப் பின்னால் நின்றேன். தரை டிக்கெட்டில் பாதிப் பேருக்கு எழுத்து வாசனை கிடையாது. அங்கே வறுத்த கடலை விற்கிற கடற்கரைத் தெருப் பெண் ஒருத்தி, கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள், சிலைடு விழ விழக் கணீரென்று வாசித்துக்கொண்டே கடலை கொடுப்பாள். அன்றைக்கும் வாசித்தாள். முதலில் சோப்பு விளம்பரம். அப்புறம், ‘வாந்திபேதி ஊசி போட்டுக்கொண்டால் கை வீங்கி ஒரு நாள் காய்ச்சல் வரும்.’ அடுத்து ஜவுளிக்கடை. அதற்கடுத்து, ‘என்றாலும் அதற்கு அஞ்சாமல் போட்டுக்கொள்கிறவர்களை’ என்று அவள் இழுத்து நிறுத்த, திரையில் கூந்தல் தைலம் வந்தது. கொட்டகையே சிரித்தது. மூன்றாவது கண்ணாடி வருவதற்குள் விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டுவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, வெட்கமில்லாமல் சிரித்தேன்.

மறுநாள் கோயில் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தோம். பூசை முடிந்து வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கம்பவுண்டர் கூப்பிடக் கூப்பிட ஒருவரும் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்துபோய் வாட்டசாட்டமான ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்தார். அவன் உதறினான்.

“கை வீங்கும்னு நீங்கதானவே எழுதிப் போட்டீய? என் தங்கச்சி வாசிச்சா, நான் கேட்டேன். வீங்குன கைய வச்சுக்கிட்டு வள்ளத்துல எப்படி மூட்டை ஏத்த? வூட்டுல கஞ்சிக்கு நீரா துட்டு தருவீரு?”

கப்பல்கள் ஆழத்தில் நிற்க, கரைக்கும் கப்பலுக்கும் சரக்குக் கொண்டுபோகிற வள்ளங்களில் அவனுக்கு வேலை. ஒரு நாள் கை ஓய்ந்தால் ஒரு நாள் கூலி போச்சு. கூட்டம் அவன் பக்கம் சேர்ந்தது. யாரோ மீன் கழுவின தண்ணீரை மேஜைமேல் கொட்டினார்கள். இன்ஸ்பெக்டரின் கால்சட்டை நனைந்ததைப் பார்த்து உள்ளூர மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

புதன்கிழமை அவன் வாந்திபேதியில் செத்துப்போனான். பெயரைப் பதிவேட்டில் நான்தான் எழுதினேன். முகவரியைக் கேட்டபோது கடலைக்காரியின் அண்ணன் என்று சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றேன். “சிலைடை மாத்தி எழுதணும் சார். ஒரு கண்ணாடிக்கு ஒரு சேதிதான். எதைப் பார்த்தாலும் அது தனியா நிக்கணும்.”

“என்ன வே, எனக்குப் பாடம் நடத்துதீரா?” என்று கத்தினார். “போலீசைக் கூட்டிட்டுப் போய்க் குத்துவோம். சிலைடாம் சிலைடு!”

“குத்துங்க. அதுவரைக்கும் சாகிறவன் பேரையெல்லாம் நீங்களே எழுதுங்க” என்று பதிவேட்டை அவர் மேஜையில் போட்டேன். என் ஆயுசில் ஒரு அதிகாரியிடம் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் என்னையும் பதிவேட்டையும் மாறிமாறிப் பார்த்தார். “என்னவோ பண்ணித் தொலையும்” என்றார்.

புதுக் கண்ணாடி கிடைக்காத காலம். பழைய மூன்றையும் பிரித்து, மையைக் கழுவி, மறுபடி பூசினேன். எந்த வரியும் இன்னொரு கண்ணாடியை நம்பி நிற்கக் கூடாது. ‘என்றாலும்’, ‘அதற்கு’, ‘அந்நோய்’ எல்லாவற்றையும் தள்ளினேன். ஒன்றில்: ‘வாந்திபேதி ஊசி உயிரைக் காக்கும்.’ இன்னொன்றில்: ‘வாந்திபேதி ஊசி போட்ட கை வீங்கினால் பயம் வேண்டாம். ஓரிரு நாளில் வற்றிவிடும்.’ மற்றதில்: ‘வாந்திபேதி ஊசி ஞாயிறு காலை கோயில் வாசலில். காசு இல்லை.’ வெள்ளிக்கிழமையே மூன்றையும் ஆபரேட்டரிடம் கொடுத்து, சீட்டுப் போலக் கலைத்து ஒவ்வொன்றாய்க் காட்டச் சொன்னேன்.

“எது முதல்ல அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“எது வேணும்னாலும்” என்றேன். எந்த ஒழுங்கில் விழுந்தாலும், எந்த ஒன்று விட்டுப்போனாலும், மீதி இருந்தது முழுசாகவே நின்றது.

சனிக்கிழமை கடலைக்காரி விற்க வரவில்லை, வீட்டில் துக்கம். யாரோ ஒரு கிழவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கு முன் வரிசை நின்றது. கை வீங்குமா என்று கேட்டவர்களுக்கு, “ரெண்டு நாள்ல வத்திரும்லா, சிலைடுல போட்டிருந்தானே” என்று வரிசையில் நின்றவர்களே பதில் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் தன் யோசனை பலித்ததாக டாக்டரிடம் பீற்றிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவள் வந்தாள். கறுப்புச் சேலை. எனக்கு முன்னால் வந்து பெயரைச் சொல்லிவிட்டு நகராமல் நின்றாள்.

“புது சிலைடு நல்லா வெளங்குதுன்னு சொன்னாவ. நேத்து ராத்திரி இடைவேளையில வாசல்ல நின்னு நானும் பாத்தேன்” என்றாள். “மொதல்ல எழுதினது யாரு?”

“இன்ஸ்பெக்டர்” என்றேன். பென்சில் கோடு அவருடையதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதிவேட்டில் நான் எழுதியிருந்த அவள் பெயரைக் குனிந்து பார்த்தாள். அதன்மேல் விரலை வைத்தாள்.

“நான் சத்தமா வாசிச்சவ. அந்தப் பாவம் எனக்கு இருக்கு. ஆனா ரெண்டு தடவையும் சிலைடுல இருந்தது இந்த எழுத்துதான்” என்று சொல்லிவிட்டு, ஊசிக்காகக் கம்பவுண்டர் பக்கம் கையை நீட்டினாள்.